ஐந்து வருடக் கணக்கு ஒன்றுதான், மதிப்பு மட்டும் ஏன் இரண்டு?

கேள்வி: பேரணாம்பட்டில் எங்களுக்கு ஷூவின் மேல்பாகமான அப்பர் தைக்கும் பிரைவேட் லிமிடெட் கம்பெனி இருக்கிறது. பெரியப்பா, அப்பா, சித்தப்பா மூவருக்கும் சம பங்கு. பெரியப்பா விலகுகிறார், அவர் பங்கை மற்ற இருவரும் வாங்க வேண்டும். இரண்டு மதிப்பீட்டாளர்களிடம் டிசிஎஃப், அதாவது வருங்காலத்தில் வரும் பணத்தை இன்றைய மதிப்புக்குக் குறைத்துக் கூட்டும் கணக்கு, போடச் சொன்னோம். ஒருவர் கம்பெனி 17.3 கோடி என்கிறார், இன்னொருவர் 7.5 கோடி என்கிறார். அடுத்த ஐந்து வருட வரவு செலவுக் கணக்கு இருவருக்கும் நாங்கள் கொடுத்ததுதான், ஒரு எண்கூட மாறவில்லை. இது எப்படி சார்? எதை நம்புவது? இரண்டு அறிக்கைகளின் விவரமும் இதோடு அனுப்பியிருக்கிறேன்.

பதில்:

நீங்கள் கொடுத்த ஐந்து வருடக் கணக்குக்கு இருவருமே ஏறக்குறைய ஒரே மதிப்பைத்தான் போட்டிருக்கிறார்கள். முதல் அறிக்கையில் அந்த ஐந்து வருடப் பணத்தின் இன்றைய மதிப்பு 3.74 கோடி, இரண்டாவதில் 3.29 கோடி. 45 லட்சம்தான் வித்தியாசம். மீதி ஒன்பது கோடிக்கு மேலான இடைவெளி முழுக்க ஆறாவது வருடத்திலிருந்து வருகிறது. அந்தப் பகுதிக்குத்தான் டெர்மினல் வேல்யூ, அதாவது இறுதி மதிப்பு, என்று பெயர். அதற்கு உங்களிடம் யாரும் கணக்குக் கேட்கவில்லை, இரண்டு சதவீதங்களை வைத்து அவர்களே போட்டுக்கொண்டார்கள்.

எப்படி என்று பார்ப்போம். உங்கள் கணக்குப்படி கம்பெனியிலிருந்து முதலாளிகளும் வங்கியும் எடுத்துக்கொள்ளக்கூடிய பணம், அதாவது வரி, மெஷின் செலவு, சரக்கிலும் பாக்கியிலும் முடங்கும் ஒர்க்கிங் கேபிடல் எல்லாம் போக மிஞ்சுவது, முதல் வருடம் 80 லட்சம். அப்புறம் 95, 110, 125, ஐந்தாம் வருடம் 140 லட்சம். ஒவ்வொன்றையும், காத்திருப்புக்கும் ரிஸ்க்குக்கும் வருடத்துக்கு இத்தனை சதவீதம் என்று வைக்கும் தள்ளுபடி விகிதத்தால் குறைத்து இன்றைய மதிப்புக்குக் கொண்டு வருகிறார்கள். ஐந்தாம் வருடத்துக்குப் பிறகு வருடா வருடம் எழுத முடியாது என்பதால், கம்பெனி முடிவே இல்லாமல் ஒரே வேகத்தில் வளரும் என்று வைத்துக்கொண்டு ஒரே எண்ணாகச் சுருக்கிவிடுகிறார்கள்:

```
இறுதி மதிப்பு = ஆறாம் வருடப் பணம் ÷ (தள்ளுபடி விகிதம் − வளர்ச்சி விகிதம்)
```

முதல் மதிப்பீட்டாளர் தள்ளுபடி 13 சதவீதம், வளர்ச்சி 7 சதவீதம் என்று எடுத்திருக்கிறார். கழித்தால் 6. இரண்டாமவர் 18, 3. கழித்தால் 15. ஏறக்குறைய ஒரே பணத்தை ஒருவர் ஆறு சதவீதத்தால் வகுக்கிறார், இன்னொருவர் பதினைந்தால். முதல்வருக்கு ஐந்தாம் வருட முடிவில் 24.97 கோடி வருகிறது, இன்றைய மதிப்பில் 13.55 கோடி. இரண்டாமவருக்கு 9.61 கோடி, இன்றைய மதிப்பில் 4.20 கோடி. இதோடு மேலே சொன்ன 3.74, 3.29 கோடிகளைக் கூட்டுங்கள், 17.3, 7.5 வந்துவிடும். முதல் அறிக்கையில் மொத்த மதிப்பில் 78 சதவீதம் டெர்மினல் வேல்யூ. இரண்டாவதிலும் 56 சதவீதம்.

இரண்டிலும் வங்கிக் கடன் 2.5 கோடியைக் கழித்து மூன்றால் வகுத்தால், பெரியப்பாவின் பங்கு ஒன்றில் 4.93 கோடி, இன்னொன்றில் 1.66 கோடி. குடும்பத்துக்குள் மனக்கசப்பு வரப்போவது இந்த இரண்டு எண்களால்தான். அதனால் வகுக்கும் எண்ணுக்குள் என்ன ஒளிந்திருக்கிறது என்று கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும்.

முதலில் காலம். 13, 7 என்று வைத்தால் அந்த 13.55 கோடி எந்த வருடங்களிலிருந்து வருகிறது? இதற்கு எக்செல்லில் ஒரே வரி போதும்:

```
=((1+0.07)/(1+0.13))^20
```

விடை 0.336. டெர்மினல் வேல்யூவில் மூன்றில் ஒரு பங்கு, அதாவது ஏறக்குறைய நாலரைக் கோடி, ஐந்தாம் வருடத்துக்குப் பிறகும் 20 வருடம் தாண்டி, இன்றிலிருந்து 25 வருடம் கழித்து வரப்போகும் பணத்தின் மதிப்பு என்று இதற்கு அர்த்தம். நீங்கள் கஷ்டப்பட்டுத் தயாரித்த அடுத்த ஐந்து வருடக் கணக்கின் மதிப்பே 3.74 கோடிதான். நாளை மறுநாள் வரும் ஆர்டர்களைவிட, கால் நூற்றாண்டுக்கு அப்பால் வரப்போகும் ஆர்டர்களுக்குப் பெரியப்பாவிடம் அதிக விலை கொடுக்கச் சொல்கிறது அந்த அறிக்கை. அதே வரியில் 18, 3 போட்டால் 0.066 வரும். இரண்டாமவர் அந்தத் தொலைதூரத்துக்கு ஏழு சதவீதம் கூடத் தரவில்லை.

உங்கள் கம்பெனியைப் பொறுத்தவரை இது ஏட்டுக் கேள்வி அல்ல. விற்பனையில் 60 சதவீதம் ஆம்பூரில் ஒரே ஏற்றுமதியாளருக்குப் போகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அவர் தன் ஃபேக்டரியிலேயே அப்பர் தைக்க முடிவு செய்யலாம், அவருடைய ஐரோப்பிய வாடிக்கையாளர் வேறு நாட்டுக்குப் போகலாம், தோலுக்குப் பதில் செயற்கைப் பொருளுக்கு மாறலாம். இதில் ஏதாவது ஒன்று 25 வருடத்துக்குள் நடக்காது என்று யாரும் எழுதிக் கொடுக்க மாட்டார்கள். அதற்காகக் கம்பெனி மூடிவிடும் என்று கணக்குப் போடச் சொல்லவில்லை. மதிப்பின் பெரும்பகுதி அந்த வருடங்களில் போய் உட்காரும்படி ஒரு கணக்கை அமைக்கக் கூடாது என்கிறேன்.

இனி, இரண்டு அறிக்கைகளிலும் இருக்கும் ஒரு பெரிய ஓட்டைக்கு வருகிறேன். சிறு கம்பெனி மதிப்பீடுகளில் நான் முதலில் தேடுவது இதைத்தான். ஐந்தாம் வருடத்தின் 140 லட்சம் எப்படி வந்தது? உங்கள் தாளில், அந்த வருடம் வட்டிக்கு முந்தைய லாபம் 200 லட்சம், வரி 50, மிச்சம் 150. தேய்மானம் 70 திரும்பச் சேர்க்கப்படுகிறது. மெஷின் செலவு 60 கழிகிறது, ஒர்க்கிங் கேபிடலுக்கு 20 கழிகிறது. ஆக 140.

தேய்மானம் 70, மெஷின் செலவு 60 என்பதைக் கவனியுங்கள். ஒரு வருடம் அப்படி இருந்தால் பரவாயில்லை. ஆனால் டெர்மினல் வேல்யூ சூத்திரம் அந்த ஒரு வருடத்தை எடுத்து முடிவில்லாமல் நீட்டுகிறது. தேய்வதைவிடக் குறைவாகவே ஒவ்வொரு வருடமும் மெஷின் வாங்கினால், ஒரு கட்டத்தில் தோல் வெட்டும் கிளிக்கிங் பிரஸ்ஸும் இருக்காது, ஓரம் சீவும் ஸ்கைவிங் மெஷினும் இருக்காது. ஆனால் கணக்கில் மட்டும் உற்பத்தி 7 சதவீதம் வளர்ந்துகொண்டே இருக்கும்.

இதை வேறு விதமாகச் சோதிக்கலாம். மெஷினுக்கு 60, ஒர்க்கிங் கேபிடலுக்கு 20, அதில் தேய்மானம் 70 போக, புதிதாகத் தொழிலில் போடும் பணம் நிகரமாக 10 லட்சம். 7 சதவீத வளர்ச்சி என்றால் 150 லட்ச லாபம் அடுத்த வருடம் பத்தரை லட்சம் கூட வேண்டும். 10 லட்சம் போட்டு, அந்தப் பத்தரை லட்சம் ஒரு வருடத்துக்கு மட்டும் இல்லாமல் என்றைக்கும் வந்துகொண்டே இருக்கும் என்கிறது கணக்கு. நூறு சதவீதத்துக்கு மேல் வருமானம். அப்படி ஒரு தொழில் பாலாற்றங்கரையில் இருந்தால் வாணியம்பாடியிலிருந்து ராணிப்பேட்டை வரை எல்லோரும் அதைத்தான் செய்துகொண்டிருப்பார்கள்.

உங்கள் தாளிலேயே இதன் தடயம் தெரிகிறது. முதல் வருடம் நிகர முதலீடு 35 லட்சம். அது படிப்படியாகக் குறைந்து ஐந்தாம் வருடம் 10 லட்சத்துக்கு வந்துவிட்டது. லாபம் ஏற ஏற முதலீடு இறங்குகிறது. யாரும் ஏமாற்ற நினைத்து இப்படி எழுதுவதில்லை. அடுத்த வருடம் வாங்கப்போகும் மெஷின் தெரியும், ஐந்தாம் வருடம் வாங்கப்போவது தெரியாது, அதனால் எழுதாமல் விட்டுவிடுகிறோம். ஆனால் டெர்மினல் வேல்யூவுக்கு அடித்தளமாவது சரியாக அந்தக் கடைசி வருடம்தான்.

வளர்ச்சியே தராத செலவுகளும் இதில் சேரும். நம் பகுதிக்கு அது நன்றாகத் தெரியும். 1996 ஆகஸ்டில் வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொன்னபோது, தோல் பதனிடும் ஆலைகள் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தில் சேர வேண்டும் அல்லது தாங்களே கருவிகள் அமைக்க வேண்டும், இல்லையென்றால் மூட வேண்டும் என்று நாள் குறித்தது. அந்தச் செலவால் யாருக்கும் ஒரு சதுர அடி தோல்கூட அதிகம் விற்கவில்லை. தொழிலில் இருக்க வேண்டுமானால் போட்டுத்தான் ஆக வேண்டிய பணம் அது. நீங்கள் தைப்பவர்கள், பதனிடுபவர்கள் இல்லை. ஆனாலும் வாடிக்கையாளரின் தணிக்கைக்காகக் கட்டடம், தீயணைப்பு, காற்றோட்டம் என்று இப்படிப்பட்ட செலவுகள் உங்களுக்கும் வந்துகொண்டிருக்கும்.

சரி, எப்படித் திருத்துவது? வளர்ச்சி விகிதத்தையும் முதலீட்டையும் தனித்தனியாக விடாமல் ஒன்றோடொன்று கட்டிவிட வேண்டும். இன்று உங்கள் மெஷின், கட்டடம், சரக்கு, வரவேண்டிய பாக்கி எல்லாம் சேர்ந்து தொழிலில் நிற்கும் முதல் 5.5 கோடி. வரிக்குப் பிந்தைய லாபம், வட்டி கழிக்காமல், 1.1 கோடி. அதாவது போட்ட முதலுக்கு 20 சதவீதம். இனிப் போடும் பணமும் அதே 20 சதவீதம் ஈட்டும் என்று வைத்துக்கொள்வோம், இதுவே தாராளம்தான். அப்படியானால் லாபம் 4 சதவீதம் வளர வேண்டுமானால் லாபத்தில் ஐந்தில் ஒரு பங்கைத் திரும்பத் தொழிலில் போட வேண்டும். 6 சதவீதம் வளர வேண்டுமானால் 30 சதவீதம் போட வேண்டும். 7 என்றால் 35.

தள்ளுபடி விகிதம் 16 சதவீதம் என்று எடுத்து, 4 சதவீத வளர்ச்சிக்குப் போட்டுப் பார்க்கிறேன். ஆறாம் வருட லாபம் 156 லட்சம், அதில் ஐந்தில் ஒரு பங்கு தொழிலுக்கு, கைக்கு வருவது 124.8 லட்சம். பன்னிரண்டு சதவீதத்தால் வகுத்தால் 10.4 கோடி. இன்றைய மதிப்பு 4.95 கோடி. இதே விகிதத்தில் முதல் ஐந்து வருடங்கள் 3.46 கோடி. மொத்தம் 8.41 கோடி.

இப்போது வளர்ச்சியை 4-லிருந்து 6-க்கு ஏற்றுங்கள். பழைய முறையில், அந்த 140 லட்சத்தை அப்படியே வளர்த்தால், மதிப்பு 9.23 கோடியிலிருந்து 10.52 கோடிக்குத் தாவும், 1.29 கோடி ஏற்றம். திருத்திய முறையில் 8.41-லிருந்து 8.76 கோடிக்குத்தான் போகும், 35 லட்சம். வளர வளரப் பணமும் போட வேண்டும் என்று ஆனதும், வளர்ச்சி விகிதத்தைப் பற்றிய சண்டையின் வீரியம் பெருமளவு குறைந்துவிடுகிறது. புதிய முதலீடு தள்ளுபடி விகிதமான 16 சதவீதத்தை மட்டுமே ஈட்டும் என்றால் வளர்ச்சிக்கு மதிப்பே இல்லை. அப்போது ஆறாம் வருட லாபத்தை 16 சதவீதத்தால் வகுத்தால் போதும், மொத்தம் 8.1 கோடி வருகிறது. பக்கத்துத் தெருவில் நாலு பேர் இதே மெஷின் போட்டு இதே வேலை எடுக்கும் தொழிலில், நெடுங்காலத்துக்கு இதுதான் நடப்புக்கு நெருக்கமானது என்பது என் கருத்து.

வளர்ச்சி விகிதத்துக்கு ஒரு மேல் எல்லையும் உண்டு. ரூபாயில் போடும் கணக்கில் விலைவாசியும் அடக்கம். ரிசர்வ் வங்கியின் பணவீக்க இலக்கு 4 சதவீதம். 4 என்று வைத்தால், கம்பெனி இப்போதிருக்கும் அளவிலேயே நின்று விலைவாசிக்கு ஈடு கொடுக்கும் என்று பொருள். 7 என்று வைத்தால் அதற்கு மேல் உண்மையிலேயே வருடம் மூன்று சதவீதம் பெருத்துக்கொண்டே போகும், அதுவும் முடிவே இல்லாமல். உங்கள் அப்பர் விலை ஜோடிக்கு எவ்வளவு ஏறியது என்று கடந்த பத்து வருட பில்களை எடுத்துப் பாருங்கள். கூலி ஏறிய வேகத்தில் அது ஏறியிருக்கிறதா என்பதும் அதிலேயே தெரிந்துவிடும்.

தள்ளுபடி விகிதம் இப்படி அடங்காது, அதை ஒத்துக்கொள்ள வேண்டும். திருத்திய கணக்கிலேயே 14 சதவீதம் என்றால் 10.1 கோடி, 18 என்றால் 7.2 கோடி. 13 ஏன் குறைவு என்பதற்கு ஒரு விளக்கம் போதும். முதல் அறிக்கை, பங்குச் சந்தையில் இருக்கும் பெரிய காலணி கம்பெனிகளின் ஏற்ற இறக்கத்தை வைத்து விகிதத்தை எடுத்திருக்கிறது. அவர்களுக்கு ஆயிரக்கணக்கான கடைகள், சொந்த பிராண்ட், நினைத்த அன்று விற்கக்கூடிய பங்கு. உங்களுக்கு ஒரு பெரிய வாடிக்கையாளர், அவரிடம் பேசத் தெரிந்த ஒரு பெரியப்பா. அரசு கடன் பத்திரமே 7 சதவீதத்தை ஒட்டித் தரும்போது, இந்த ரிஸ்க்குக்கு அதற்கு மேல் ஆறு புள்ளி மட்டும் போதாது. 18 கொஞ்சம் கடுமைதான், ஆனால் நியாயமற்றது என்று சொல்ல மாட்டேன்.

இரண்டாமவரின் 7.5 கோடி என் எண்ணுக்குப் பக்கத்தில் வந்ததால் அவர் முறை சரி என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். அவரும் அதே ஓட்டை 140 லட்சத்தைத்தான் நீட்டியிருக்கிறார். கூடுதலான பணத்தைக் கூடுதலான தள்ளுபடி ஈடுகட்டிவிட்டது. இரண்டும் எதிரெதிராக இழுத்ததால் விடை நடுவில் வந்து நின்றது. அடுத்த முறை அப்படி நிற்காமல் போகலாம்.

இருவரும் கவனிக்காத இன்னொன்று, உங்கள் குடும்பத்தினரின் சம்பளம். மூன்று பேரும் பெயரளவுக்கு ஏதோ எடுத்துக்கொள்கிறீர்கள். பெரியப்பா போனபின் ஆர்டரையும் ஏற்றுமதியாளரையும் பார்த்துக்கொள்ள ஒரு மேனேஜர் வேண்டும். வருடம் 20 லட்சம் என்று வையுங்கள், வரி போக 15 லட்சம். 16 சதவீதத் தள்ளுபடி, 4 சதவீத ஏற்றம் என்றால் இதன் இன்றைய மதிப்பு 1.25 கோடி. 8.41-லிருந்து கழித்தால் 7.16 கோடி. கடன் 2.5 போக 4.66 கோடி. மூன்றில் ஒரு பங்கு 1.55 கோடி. தள்ளுபடியை 14-லிருந்து 18 வரை மாற்றிப் பார்த்தால் இது ஏறக்குறைய 1.2 முதல் 2 கோடி வரை போய்வரும். தொழிலுக்குப் பயன்படாத காலி மனை ஏதாவது கம்பெனி பெயரில் இருந்தால் அதன் சந்தை விலையைத் தனியாகக் கூட்ட வேண்டும். ஃபேக்டரி நிற்கும் நிலத்தைக் கூட்டக் கூடாது, அது ஏற்கெனவே லாபத்துக்குள் இருக்கிறது.

ஆனால் அந்த நிலத்தை வேறொரு வகையில் பார்க்க வேண்டும். நிலம், மெஷின், சரக்கு எல்லாவற்றையும் விற்றுக் கடனைக் கட்டினால் மிஞ்சுவது 4.66 கோடியைத் தாண்டினால், டிசிஎஃப் எண் பெரியப்பாவுக்கு அநியாயம். தொழிலை மூடுவதே லாபம் என்ற நிலைக்குக் கீழே அவர் ஏன் விற்க வேண்டும்? நெடுஞ்சாலைக்குப் பக்கத்தில் இருக்கும் பழைய ஃபேக்டரிகளில் இது அடிக்கடி வருகிறது, அதனால் கண்டிப்பாகப் போட்டுப் பாருங்கள். கூடவே, பட்டியலிடாத பங்கு கைமாறும்போது வருமான வரிக் கணக்குக்கு எடுத்துக்கொள்வது சொத்து அடிப்படையிலான மதிப்பு, அதில் நிலத்துக்கு முத்திரைத்தாள் மதிப்புதான் கணக்கு. பேசிய விலை அதற்குக் கீழே இருந்தால், விற்கும் பெரியப்பாவுக்கு மூலதன ஆதாய வரி அந்தக் கூடுதல் மதிப்பின் மேல் விழும். ஆடிட்டரிடம் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

பேச்சுவார்த்தைக்கு உட்காரும்போது 17.3-ஆ 7.5-ஆ என்று தொடங்காதீர்கள். இரண்டு மதிப்பீட்டாளர்களையும் ஒன்றாக வைத்து, ஐந்தாம் வருடத்துக்கு அடுத்து ஆறாம் வருடம் என்று ஒரு பத்தியை எழுதச் சொல்லுங்கள்: விற்பனை, லாபம், மெஷின் செலவு, ஒர்க்கிங் கேபிடல், மேனேஜர் சம்பளம். அந்த ஒரு வருடம் நிஜத்தில் நடக்கக்கூடியதுதானா என்று அப்பாவும் பெரியப்பாவும் சித்தப்பாவும் தொழில் தெரிந்தவர்களாகப் பார்த்துச் சொல்லட்டும். மூவருக்கும் ஒப்புதலான பிறகு சூத்திரத்தில் போடுங்கள். பிறகும் வருகிற வித்தியாசம் தள்ளுபடி விகிதத்தால் மட்டும்தான், அது மூன்று மடங்கு இருக்காது.

பெரியப்பா எதிர்காலம் நன்றாக இருக்கும் என்று உறுதியாக நம்பினால், விலையையே அதற்கு ஏற்றபடி பிரிக்கலாம். உதாரணமாக 1.4 கோடியை இப்போதே கொடுத்துவிட்டு, அடுத்த ஐந்து வருடங்களில் வரிக்குப் பிந்தைய லாபம் ஒப்புக்கொண்ட அளவைத் தாண்டினால் தாண்டிய தொகையில் மூன்றில் ஒரு பங்கு அவருக்கு என்று ஒப்பந்தத்தில் எழுதலாம். லாபம் எப்படிக் கணக்கிடப்படும், உங்கள் அப்பாவும் சித்தப்பாவும் எவ்வளவு சம்பளம் எடுக்கலாம், அந்தக் கணக்கை எந்த ஆடிட்டர் சரிபார்ப்பார் என்பதை அதே பத்திரத்தில் சேர்த்துவிடுங்கள். இந்த மூன்றும் எழுதப்படாத ஒப்பந்தங்கள்தான் இரண்டாம் வருடத்திலேயே வக்கீலிடம் போய் நிற்கின்றன.